ஐந்தில் பூட்டிய வட்டி

2022 மே 4, புதன்கிழமை. பிற்பகல் இரண்டு மணிக்கு ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸ் முன்னறிவிப்பு ஏதுமின்றித் திரையில் தோன்றினார். அடுத்த நிதிக் கொள்கை முடிவு ஜூனில்தான் என்று சந்தை நம்பிக்கொண்டிருந்த நேரம் அது. அன்று காலைதான் எல்.ஐ.சி. பங்கு வெளியீடு தொடங்கியிருந்தது. பலருடைய கவனம் அதில் இருந்தது. சில நிமிடப் பேச்சில் ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 4.40 சதவீதமாக ஏறிவிட்டது.

சென்னையில் ஒரு வங்கியின் ட்ரெஷரி பிரிவில் தொலைபேசிகள் ஓயாமல் அடித்தன. நிறுவனங்களுக்கு ஸ்வாப் ஒப்பந்தங்களை ஏற்பாடு செய்துதரும் மேசை அது. கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர், திருமழிசை என்று திருவள்ளூர் மாவட்டத்து ஆலைகளைப் பல ஆண்டுகள் கவனித்துவந்த ஓர் அதிகாரியிடம் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "மேடம், நம்ம டேர்ம் லோன் வட்டி எவ்வளவு ஏறும்?" கும்மிடிப்பூண்டியில் கம்பி தயாரிக்கும் ஓர் உருக்காலையின் நிதி மேலாளர் மட்டும் வேறு மாதிரி கேட்டார். "எங்க லோன் ஜூலை ஒண்ணாம் தேதிதானே ரீசெட் ஆகும்? ஸ்வாப்ல வர வேண்டியது நாளையிலிருந்தே கூட ஆரம்பிச்சிடும், இல்லையா?"

ஆமாம் என்றார் அவர். ஏறக்குறைய ஓராண்டாக இந்த ஒப்பந்தத்தைப் பக்கம் பக்கமாகப் படித்த ஒருவரால்தான் அப்படிக் கேட்க முடியும். இப்போது பணி ஓய்வில் இருக்கும் அந்த அதிகாரி, தன் தொழிலை யாருக்காவது விளக்க வேண்டுமென்றால் இந்த ஆலையின் கணக்கைத்தான் எடுத்து வைக்கிறார். ஆலையின் பெயரைச் சொல்வதில்லை, தொகைகளையும் கணக்குக்கு வசதியாகச் சுற்று எண்ணாக்கிவிடுகிறார். ரிசர்வ் வங்கியின் எண்களும் தேதிகளும் மட்டும் உள்ளபடியே வருகின்றன.

ஆலை புதிய தூண்டல் உலை போடவும் உருட்டாலையை விரிவாக்கவும் 40 கோடி ரூபாய் கடன் வாங்கியிருந்தது. 2021 ஜூலை தொடங்கி 2026 ஜூன் வரை ஐந்து ஆண்டு. முதல் தவணை 2022 டிசம்பர் முடிவில். அதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை 5 கோடி வீதம் எட்டுத் தவணை. வட்டி, ரெப்போவுக்கு மேல் 3.50 சதவீதம். அன்றைய ரெப்போ 4 என்பதால் வட்டி 7.50. ரெப்போவைப் பிடித்துக்கொண்டது வங்கியின் தனி விருப்பம் அல்ல. சிறு, குறு நிறுவனங்களுக்கான மிதக்கும் வட்டிக் கடன்களை 2019 அக்டோபர் 1 முதலும், நடுத்தர நிறுவனங்களுக்கானவற்றை 2020 ஏப்ரல் 1 முதலும் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டளையிட்டிருந்தது. வட்டி இறங்கும் காலத்தில் அது கடன்காரருக்கு உடனே பலன் தந்த விதி. ஏறும் காலத்தில் அடியும் அதே வேகத்தில் வரும்.

2021 நடுவில் முதலாளிக்கு இருந்த பயம் நியாயமானது. ரெப்போ 4 சதவீதம் என்பது கோவிட் காலத்துக்காக 2020 மே மாதம் இறக்கிய வட்டி. அதற்குக் கீழே போக இடம் குறைவு, மேலே போக இடம் நிறைய. கம்பி விலையோ வட்டியைக் கேட்டு ஏறுவதில்லை. ஸ்கிராப் விலை, மின்கட்டணம், கட்டுமான வேலை இவற்றைப் பார்த்து ஏறி இறங்குகிறது. ஒரு டன்னில் நிற்கும் லாபம் மெல்லியது. 40 கோடிக்கு வட்டி ஒரு சதவீதம் கூடினால் வருடத்துக்கு 40 லட்சம் என்று முதலாளி மனக்கணக்காகவே சொல்வார்.

"அப்போ ஃபிக்ஸட் ரேட்லயே லோனை மாத்திக் குடுங்கம்மா" என்றுதான் அவர் முதலில் கேட்டார். கடன் கொடுத்த கிளை அதற்குத் தயாராக இல்லை. ஐந்து ஆண்டுக்கு நிலையான வட்டியில் கடன் கொடுத்தால், வட்டி ஏறும் ஆபத்து முழுக்க வங்கியின் தலையில் விழும். கேட்டே தீர வேண்டுமென்றால் வட்டியைக் கூட்டிச் சொல்வார்கள், முன்கூட்டியே அடைத்தால் அபராதமும் உண்டு. அதனால் கடனை அப்படியே மிதக்க விட்டு, பக்கத்தில் தனியாக ஓர் ஒப்பந்தம் போடும் வழியை அதிகாரி முன்வைத்தார்.

அதை முதலாளிக்கு அவர் விளக்கியது ஆலையின் சொந்தச் சரக்கை வைத்து. ஸ்கிராப் வியாபாரியிடம் அன்றன்றைய விலைக்கு வாங்குகிறீர்கள். மூன்றாவது ஆள் ஒருவர் வந்து, "ஒரு விலையைப் பேசிக்கொள்வோம், சந்தை அதற்கு மேல் போனால் வித்தியாசத்தை நான் உங்களுக்குத் தருகிறேன், கீழே போனால் நீங்கள் எனக்குத் தாருங்கள்" என்கிறார். அவர் ஸ்கிராப்பைத் தொடுவதே இல்லை. உங்களுக்கும் ஸ்கிராப் வியாபாரிக்கும் உள்ள ஏற்பாடு மாறுவதும் இல்லை. ஸ்வாப்பில் ஸ்கிராப்புக்குப் பதில் வட்டி. 40 கோடி அசல் கைமாறாது. அது கணக்குப் போடுவதற்கான தொகை மட்டுமே, நோஷனல். ஆலை நிலையான வட்டியைக் கொடுக்கும், வங்கி மிதக்கும் வட்டியைக் கொடுக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டின் வித்தியாசம் மட்டும் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும்.

முதலாளி அதோடு சமாதானமாகவில்லை. "இதெல்லாம் அந்த டெரிவேட்டிவ்தானே? கோயம்புத்தூர்ல கோர்ட்டு வரைக்கும் போச்சே?" என்றார்.

கேட்டதில் அர்த்தம் இருந்தது. 2007-08ல் நாட்டின் பல ஊர்களில் ஏற்றுமதியாளர்களும் ஆலைகளும் சிக்கலான அந்நியச் செலாவணி ஒப்பந்தங்களில் கையைச் சுட்டுக்கொண்டார்கள். கோவையின் ராஜஸ்ரீ சுகர்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம், டாலருக்கும் சுவிஸ் ஃபிராங்குக்கும் இடையிலான விலையைச் சார்ந்த ஒப்பந்தம் ஒன்று சூதாட்டத்துக்குச் சமம், செல்லாது என்று ஆக்சிஸ் வங்கிக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. 2008 அக்டோபரில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் அந்த ஒப்பந்தம் பந்தயம் அல்ல என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பை அதிகாரி முழுதாகப் படித்திருந்தார். கையெழுத்திட்டுவிட்டால் பின்னால் நீதிமன்றம் வந்து காப்பாற்றும் என்று எந்த நிறுவனமும் எண்ண முடியாது என்பதுதான் அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம். அதனால் ஒவ்வொரு புதிய வாடிக்கையாளரிடமும் அவர் கேட்கும் முதல் கேள்வி: இந்த ஒப்பந்தத்தில் வரும் எண், உங்கள் தொழிலில் ஏற்கெனவே இருக்கும் எண்ணா? கோவை ஆலை வாங்கி விற்ற சரக்கில் சுவிஸ் ஃபிராங்குக்கு இடமில்லை. கும்மிடிப்பூண்டி ஆலையின் புத்தகத்தில் ரூபாய்க் கடன் இருந்தது, மிதக்கும் வட்டி இருந்தது, தேதி வாரியாகத் தவணை அட்டவணை இருந்தது. ஸ்வாப்பும் அதே தொகைக்கு, அதே தேதிகளுக்கு. கடன் 5 கோடி குறையும் நாளில் நோஷனலும் 5 கோடி குறையும்.

2019ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ரூபாய் வட்டி டெரிவேட்டிவ் விதிகளும் இதே திசையில்தான் போயின. அவற்றின்படி 500 கோடிக்குக் குறைவான நிகர மதிப்புள்ள நிறுவனம் சில்லறைப் பயனர். வட்டி ஆபத்திலிருந்து காத்துக்கொள்ள மட்டுமே அது இந்த ஒப்பந்தத்துக்குள் வர முடிந்தது. கடனில்லாமல் வெறும் ஊகத்துக்கு ஸ்வாப் போட அதற்கு அனுமதி இருக்கவில்லை.

ஆலைக்கு முதலில் சொன்ன விலை 5.10 சதவீதம். நிதி மேலாளர் அதை அப்படியே ஏற்கவில்லை. ஓ.ஐ.எஸ். எனப்படும் இந்த வகை ஸ்வாப்புகளின் விலை வரிசையை எஃப்.பி.ஐ.எல். நிறுவனம் தினமும் வெளியிடுகிறது. கடன் ஐந்தாண்டு என்றாலும் அசல் குறைந்துகொண்டே போவதால் அதன் சராசரி ஆயுள் மூன்றேகால் ஆண்டுதான். அன்று நீண்ட காலத்து வட்டி குறுகிய காலத்து வட்டியைவிட நன்றாகவே மேலே இருந்தது. எனவே ஐந்தாண்டு விலையைக் காட்டி பேரம் பேசுவது வங்கிக்குச் சாதகம். மூன்று, நான்கு ஆண்டு விலைகளுக்கு நடுவே பார்ப்பதே சரி. அவர் அப்படித்தான் பார்த்தார், 5.00க்கு இறக்கினார். அந்த 0.10 சதவீதத்தின் மதிப்பு: 40 கோடிக்கு வருடத்துக்கு 4 லட்சம், மூன்றேகால் ஆண்டுக்கு 13 லட்சம். மேசையின் எதிர்ப்பக்கம் இருந்தும் அதிகாரிக்கு அந்தப் பேரம் பிடித்துப்போனது. விலை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு வாங்குபவர், பின்னால் "எனக்குப் புரியவில்லை" என்று வந்து நிற்க மாட்டார்.

பேரம் முடிவது தொலைபேசியில், பதிவு செய்யப்படும் லைனில். அதற்கு முன்பே இஸ்டா மாஸ்டர் ஒப்பந்தம், யார் பேசலாம் என்று சொல்லும் போர்டு தீர்மானம், ஸ்வாப்புக்கென்று தனி லிமிட் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். "நோஷனல் நாற்பது கோடி, அட்டவணைப்படி குறையும். நீங்க ஃபிக்ஸட் கட்டறீங்க, மைபோர் வாங்கறீங்க. அஞ்சு பூஜ்யம் பூஜ்யம்" என்றார் டீலர். "டன்" என்றார் நிதி மேலாளர். அந்த ஒற்றைச் சொல்லோடு ஒப்பந்தம் கட்டுப்படுத்தத் தொடங்கிவிடும். உறுதிக் கடிதம் பிறகுதான் வரும். கடிதம் வந்ததும் அதிகாரி அதைக் கடன் அனுமதிக் கடிதத்தின் பக்கத்தில் வைத்து, பென்சிலால் வரி வரியாக ஒப்பிட்டார். தொகை பொருந்தியது, தவணைத் தேதிகள் பொருந்தின. அனுமதிக் கடிதத்தில் "வட்டி இதற்குக் கீழே போகாது" என்ற குறைந்தபட்ச வட்டி நிபந்தனை இருக்கிறதா என்று தேடினார். அது இருந்தால் ரெப்போ மிகவும் இறங்கும்போது கடன் வட்டி பாதியில் நின்றுவிடும், ஸ்வாப்பில் மட்டும் ஆலை கட்டிக்கொண்டே இருக்கும். இந்தக் கடனில் அது இல்லை.

பொருந்தாத வரி ஒன்று இருந்தது. பேச்சு தொடங்கிய நாளிலேயே அவர் அதை முதலாளிக்குச் சொல்லியிருந்தார். கடனின் வட்டி ரெப்போவைப் பிடித்திருக்கிறது. ஸ்வாப்பில் வருவது மைபோர்.

வங்கிகள் தங்களுக்குள் ஒருநாள் கடன் கொடுத்து வாங்கும் வட்டிதான் மைபோர். வேலைநாள்தோறும் காலையில் கால் மனி சந்தையில் நடக்கும் பரிவர்த்தனைகளின் எடையிட்ட சராசரியாக எஃப்.பி.ஐ.எல். அதைக் கணக்கிடுகிறது. ஸ்வாப்பில் ஒவ்வொரு நாளின் மைபோரும் கூட்டு வட்டியாகச் சேர்ந்து, ஆறு மாத முடிவில் ஒரு தொகையாக நிற்கும். சந்தையில் தாராளமாக வாங்க, விற்க முடிவது இந்த ஸ்வாப்தான். ரெப்போவையே நேராகப் பிடிக்கும் ஸ்வாப் கேட்டால், வங்கிக்கு அதை மறுபக்கம் கைமாற்ற ஆள் கிடைக்காது. அந்தச் சுமையை விலையில் ஏற்றிவிடும்.

மைபோர் ரெப்போவின் அருகிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் ரிசர்வ் வங்கியின் விருப்பம். 2021ல் அது அப்படி இல்லை. கோவிட் காலத்தில் வங்கிகளிடம் பணம் குவிந்து கிடந்தது. கடன் வாங்க ஆளில்லாத பணத்தை ரிசர்வ் வங்கியிடமே 3.35 சதவீத ரிவர்ஸ் ரெப்போவில் போட்டுவைத்தார்கள். ஒருநாள் வட்டியும் அந்தத் தரையை ஒட்டியே கிடந்தது. "ரெப்போ நாலு, தரை 3.35. நடுவுல இருக்கிற 0.65 வரைக்கும் உங்க கையைவிட்டுப் போகலாம். அதுக்கு மேல போறதுக்கு வழி குறைவு" என்று அதிகாரி எல்லையைக் காட்டியிருந்தார்.

முதல் அரையாண்டு, 2021 ஜூலை முதல் டிசம்பர் வரை, அந்த எல்லைக்கு மிக அருகில் போனது. சராசரி மைபோரை 3.40 என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி. கடனுக்கு 7.50 சதவீதத்தில் அரையாண்டு வட்டி 1.50 கோடி. ஸ்வாப்பில் ஆலை கட்ட வேண்டியது 5 சதவீதத்தில் 1 கோடி. வர வேண்டியது 3.40 சதவீதத்தில் 68 லட்சம். நிகரமாக ஆலை கட்டியது 32 லட்சம். மொத்தச் செலவு 1.82 கோடி, அதாவது ஆண்டுக்கு 9.10 சதவீதம். ஐந்தும் மூன்றரையும் சேர்ந்து எட்டரை என்று காகிதத்தில் போட்டிருந்தால் 1.70 கோடியில் முடிந்திருக்க வேண்டும். மைபோருக்கும் ரெப்போவுக்கும் நடுவில் இருந்த 0.60 சதவீதம் 12 லட்சத்தைத் தின்றுவிட்டது.

முதலாளி பார்த்தது அந்த 12 லட்சத்தை அல்ல, 32 லட்சத்தை. பக்கத்து ஆலைக்காரர் ஸ்வாப் எதுவும் போடாமல் 7.50லேயே ஓட்டிக்கொண்டிருந்தார். "காசு கொடுத்து வட்டியை ஏத்திக்கிட்டோமா?" என்ற கேள்வி வந்தது. இதில் அதிகாரியின் கருத்து அன்றும் இன்றும் ஒன்றே. முதல் வருடங்களில் நிலையான வட்டி கட்டுபவர் நிகரமாகக் கட்டுவது விலையிலேயே இருக்கிறது. ஒருநாள் வட்டி மூன்றரைக்கும் கீழே இருக்கும்போது மூன்று, நான்கு ஆண்டு விலை ஐந்தை ஒட்டி நிற்கிறது என்றால், பின்னால் வட்டி ஏறும் என்று சந்தை ஏற்கெனவே எண்ணிவிட்டது என்று பொருள். இந்தப் பணப்போக்கை ஒப்பந்தத்துக்கு முன்பே அரையாண்டு வாரியாகத் தாளில் எழுதிக் காட்டாத வங்கியிடம் ஸ்வாப் வாங்கக் கூடாது என்பார் அவர். இந்த ஆலையில் அந்தத் தாள் நிதி மேலாளரின் கோப்பில் இருந்தது. முதல் அரையாண்டுக்கு 30 லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டிவரும் என்று அதில் எழுதியும் இருந்தது. அவர் அதை முதலாளியின் மேசையில் வைத்தார். பேச்சு அத்தோடு முடிந்தது.

2022ல் காற்று திரும்பியது. முதல் திருப்பத்தைப் பலர் கவனிக்கவில்லை. ஏப்ரல் 8 அன்று ரெப்போவைத் தொடாமலே, எஸ்.டி.எஃப். என்ற புதிய வசதியை 3.75 சதவீதத்தில் ரிசர்வ் வங்கி தொடங்கியது. வங்கிகளின் உபரிப் பணத்துக்கான தரை ஒரே நாளில் 3.35லிருந்து 3.75க்கு உயர்ந்தது, மைபோரும் கூடவே எழும்பியது. கடன் வட்டி அதே 7.50. ஸ்வாப்பில் வரவு மட்டும் கூடியது. பிறகு மே 4 வந்தது. கடன் ஜூலை 1ல்தான் திருத்தப்படும், மைபோரோ ஒவ்வொரு நாளும் நகரும். நிதி மேலாளர் தொலைபேசியில் கேட்டது இதைத்தான். ஏறும் காலத்தில் இந்தத் தேதி வித்தியாசம் ஆலைக்கு லாபம், இறங்கும் காலத்தில் அதே வித்தியாசம் எதிராகப் போகும்.

அதே மே மாதம் எஃகுப் பொருட்கள் பலவற்றுக்கு மத்திய அரசு 15 சதவீத ஏற்றுமதி வரி போட்டது, உள்நாட்டில் எஃகு விலை சரிந்தது. ரெப்போ ஜூனில் 4.90, ஆகஸ்டில் 5.40, செப்டம்பர் கடைசியில் 5.90, டிசம்பரில் 6.25, 2023 பிப்ரவரியில் 6.50 என்று படியேறியது. விற்பனை விலை இறங்கும்போது வட்டி ஏறுவதைப் போல ஓர் ஆலையை நெரிப்பது வேறில்லை. முதலாளி 2021ல் பயந்தது சரியாக இதற்குத்தான்.

2023 இரண்டாம் அரையாண்டுக் கணக்கை முதல் அரையாண்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஸ்வாப் என்ன செய்தது என்று விளங்கும். கடன் அப்போது 30 கோடியாகக் குறைந்திருந்தது. ரெப்போ 6.50 என்பதால் வட்டி 10 சதவீதம், அரையாண்டுக்கு 1.50 கோடி. ஸ்வாப்பில் கட்டுவது 5 சதவீதத்தில் 75 லட்சம். அந்த ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, கூடுதல் டெபாசிட்டுகளுக்கு 10 சதவீத ரொக்க இருப்பு கேட்டு உபரிப் பணத்தை உறிஞ்சியது. பிறகும் பல வாரங்கள் பணத்தட்டுப்பாடு நீடித்தது. அதனால் மைபோர் ரெப்போவுக்கு மேலேயே நின்றது. சராசரியை 6.75 என்று வைத்தால் ஆலைக்கு வந்தது 101 லட்சத்துக்குச் சற்று மேல், நிகர வரவு 26 லட்சம். மொத்தச் செலவு 1.24 கோடி, ஆண்டுக்கு 8.25 சதவீதம். 2021ல் எட்டரைக்கு மேல் 0.60 கசிந்தது, 2023ல் எட்டரைக்குக் கீழே 0.25 மிச்சமானது. ஸ்வாப் இல்லாதவருக்கு அதே காலத்தில் ஏழரை பத்தாகியிருந்தது. ஆலையின் வட்டி துல்லியமாக எட்டரையில் நிற்கவில்லை. எட்டேகாலுக்கும் ஒன்பதைத் தாண்டிய புள்ளிக்கும் நடுவே ஆடியது. மைபோர் ஸ்வாப்பால் ரெப்போ கடனைப் பூட்டினால் கிடைக்கும் நிலைத்தன்மை இந்த அளவுதான் என்பதை வாங்குபவர் முன்பே அறிந்திருக்க வேண்டும் என்பது அதிகாரியின் உறுதியான எண்ணம்.

ஸ்வாப் தொடாத பகுதிகளும் உண்டு. ரெப்போவுக்கு மேல் இருக்கும் 3.50 சதவீதம் ஆலையின் கடன் தகுதிக்கு வங்கி போடும் விலை. தரமதிப்பீடு இறங்கினால் அது ஏறும், ஸ்வாப் அதற்கு ஒன்றும் செய்யாது. ஸ்கிராப் வாங்கப் பயன்படும் கேஷ் கிரெடிட்டை அவர் ஸ்வாப்புக்குள் கொண்டுவரச் சம்மதித்ததே இல்லை. இந்த மாதம் 15 கோடி, அடுத்த மாதம் 6 கோடி என்று ஆடும் தொகைக்கு எந்த நோஷனலைப் போடுவது? கோவிட் நேரத்தில், 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, டேர்ம் லோன் தவணைகளைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதி தந்தது. அந்தச் சலுகை ஸ்வாப்புக்குக் கிடையாது. அதற்கு முன்பே ஸ்வாப் வைத்திருந்த நிறுவனங்கள் சலுகையை எடுத்தபோது கடன் அட்டவணை நீண்டது, நோஷனல் பழைய தேதிகளிலேயே குறைந்தது. கடன் பெரிதாகவும் பாதுகாப்பு சிறிதாகவும் போனது. அட்டவணையை மாற்றும் ஒவ்வொரு முறையும் ட்ரெஷரிக்கு ஒரு தகவல் போக வேண்டும் என்று அவர் கிளைகளுக்குச் சொல்லத் தொடங்கியது அப்போதிருந்துதான்.

உருக்காலையின் கதை நல்லபடி போனதால் அதையே அளவுகோலாக்க அவர் விரும்புவதில்லை. பக்கத்திலேயே இன்னொரு கோப்பையும் வைக்கிறார். அதே மாவட்டத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனம், மே 4 அறிவிப்புக்குப் பிறகு பதறி வந்தது. 2022 ஜூனில் ஐந்தாண்டு ஓ.ஐ.எஸ். 7 சதவீதத்தைத் தொட்டிருந்தது. ரெப்போ அப்போது 4.90தான். ஆனால் வரப்போகும் ஏற்றங்கள் அத்தனையும், நடந்ததைவிடச் சற்று அதிகமாகவே, விலைக்குள் வந்துவிட்டிருந்தன. 7 சதவீதத்தில் பூட்டினார்கள். ரெப்போ 6.50ல் நின்றது, அந்த ஸ்வாப்பில் நிகர வரவு என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பட்ஜெட்டில் எழுதிய வட்டி மாறாமல் நின்றது, அதுதான் அவர்கள் கேட்டதும்.

சிக்கல் 2025ல் வந்தது. ரெப்போ பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6, ஜூனில் 5.50 என்று இறங்கியது. வேறொரு வங்கி குறைந்த மார்ஜினில் கடனை எடுத்துக்கொள்ள முன்வந்தது. உரிமையாளர் பழைய கடனை அடைத்துவிட்டு மாறப் புறப்பட்டார். கடன் ஒரு ஒப்பந்தம், ஸ்வாப் வேறொரு ஒப்பந்தம். கடன் தீர்ந்தால் ஸ்வாப் தானாகத் தீராது. 20 கோடி நோஷனல், இன்னும் இரண்டு ஆண்டு, அவர்கள் கட்டுவது 7, அன்றைய சந்தை விலை ஐந்தரைக்கு அருகில். வருடத்துக்கு 30 லட்சம் வீதம் இரண்டு ஆண்டுக்கு 60 லட்சம். இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் அதற்குச் சற்றுக் குறைவு. ஸ்வாப்பை முறிக்க அந்தத் தொகையை ஒரேயடியாகக் கட்ட வேண்டும்.

புதிய கடனும் மிதக்கும் வட்டியில்தான் இருந்தது. எனவே ஸ்வாப்பை முறிக்காமல் புதிய கடனுக்கு அப்படியே தொடரலாமே என்று உரிமையாளர் கேட்டார். கணக்குப்படி முடியும். தடையாக நின்றது அடமானம். பழைய வங்கி ஸ்வாப்புக்கு லிமிட் கொடுத்திருந்தது அதே நிலத்தையும் எந்திரங்களையும் நம்பி. கடன் போகும்போது பத்திரங்களும் புதிய வங்கிக்குப் போய்விடும். கையில் எந்தப் பிடிமானமும் இல்லாமல், 60 லட்சம் வரை கடன்பட்டிருக்கும் ஒருவரோடு இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தை எந்த வங்கியும் சும்மா வைத்துக்கொள்ளாது.

அதிகாரி அவர்கள் முன் மூன்று வழிகளை வைத்தார். தொகையைக் கட்டி முறிப்பது. மீதித் தொகைக்கு ஃபிக்ஸட் டெபாசிட்டை ஈடாக வைத்துப் பழைய வங்கியிலேயே ஸ்வாப்பைத் தொடர்வது. மூன்று தரப்பும் கையெழுத்திட்டு ஸ்வாப்பைப் புதிய வங்கிக்கு மாற்றுவது. மூன்றாவதில் ஸ்வாப்பின் அன்றைய மதிப்பைப் புதிய வங்கி பழைய வங்கிக்குக் கொடுக்கும். நிறுவனத்தின் கையிலிருந்து உடனே பணம் போகாது, ஆனால் 7 சதவீதம் தொடரும். புதிய வங்கி தருவதாகச் சொன்ன மார்ஜின் குறைப்பு 0.40 சதவீதம். 20 கோடிக்கு வருடத்துக்கு 8 லட்சம், இரண்டு ஆண்டுக்கு 16 லட்சம். அதிலிருந்து செயலாக்கக் கட்டணம், பத்திரச் செலவு, மாற்று ஒப்பந்தத்தின் செலவு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தார்கள். மிச்சம் சில லட்சங்கள்தான் தேறியது. உரிமையாளர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பழைய கிளை மேலாளரிடமே போய், 0.25 சதவீதம் மார்ஜினைக் குறைக்க வைத்தார். கடனும் ஸ்வாப்பும் இருந்த இடத்திலேயே இருந்தன.